ஏழாவது ஸ்லைடில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்

கூட வேலை பார்ப்பவர் ஒரு பிரசென்டேஷன் கொடுத்துவிட்டு, "எப்படி இருந்துச்சு, எழுதி அனுப்புங்களேன்" என்று கேட்டால், "அருமை, கொஞ்சம் சுருக்கியிருக்கலாம்" என்று பதில் போட்டுவிடலாம். ஆனால் அவர் எந்த இடத்தைச் சுருக்குவார்? அதனால் நான் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு எண்ணைப் போட்டு, அறையில் நடந்ததைப் பக்கத்தில் குறித்துக்கொள்வேன்: எங்கே கேள்வி வந்தது, எங்கே ஆளாளுக்கு போனை எடுத்தார்கள் என்று.

சமீபத்தில் எங்கள் குழுவில் ஒருவர், வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் போக ஆகும் நேரம் குறைந்ததைப் பற்றிப் பேசினார். அவருக்கு முதலில் எழுதியது இது: "மூன்றாவது ஸ்லைடில், எண்களுக்கு முன்னால் ஒரே ஒரு புகாரை எடுத்து அது யார் யாரிடம் எவ்வளவு நேரம் கிடந்தது என்று காட்டினீர்கள். அதற்கப்புறம் தாமதம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேள்வியெல்லாம் தீர்வைப் பற்றியே வந்தது. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்." எது வேலை செய்தது என்று இப்படிச் சொல்லாவிட்டால், நேரம் போதவில்லை என்று அடுத்த முறை அந்த ஸ்லைடைத்தான் முதலில் தூக்குவார்கள்.

சங்கடம் ஏழாவது ஸ்லைடில். 48 மணி நேரம் 42 ஆகக் குறைந்திருந்தது, அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆனால் பட்டை வரைபடத்தின் அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 38-இல் தொடங்கியது, அதனால் ஒரு பட்டை 10 அளவு உயரமும் மற்றது 4 அளவு உயரமுமாக நின்று, நேரம் பாதிக்கும் கீழே போனமாதிரி கண்ணுக்குத் தெரிந்தது. எண்கள் நெருக்கமாக இருந்தால் மென்பொருளே அச்சை இப்படி வைத்துவிடும், அவர் வேண்டுமென்று செய்ததில்லை. எனவே "மிகைப்படுத்திவிட்டீர்கள்" என்று எழுதவில்லை. "அச்சு 38-இல் தொடங்குவதால் குறைவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, யாராவது கவனித்தால் மற்ற எண்களையும் சந்தேகப்படுவார்கள். பூஜ்யத்தில் தொடங்கி, தலைப்பில் 'பதில் நேரம் 6 மணி நேரம் குறைந்தது' என்றே போடலாம்" என்று எழுதினேன். பார்த்தது, அதனால் வருவது, செய்யக்கூடியது, மூன்றும் அதற்குள் வந்துவிடுகிறது. இதைப் பாராட்டோடு "ஆனால்" போட்டு ஒட்டவில்லை, தனிப் பத்தியாக வைத்தேன். ஒட்டினால் முன்னால் சொன்ன நல்லது வெறும் மரியாதைக்குச் சொன்னதாகிவிடும்.

குறிப்பில் இன்னும் சில இருந்தன. எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் சின்ன விஷயம், விட்டுவிட்டேன். குரல் தடுமாறியதை எழுத்தில் வைக்கவே மாட்டேன், படிப்பவருக்கு அது வேறு தொனியில் கேட்கும், அவர் கேட்டால் நேரில் பேசலாம். மடலையும் அவருக்கு மட்டும்தான் அனுப்பினேன், யாரையும் நகலில் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் மேலாளர்கள் முன்னால் திருத்திய வரைபடத்தோடு பேசினார். "ஆறு மணி நேரம்தானா?" என்று ஒருவர் கேட்டார். பேசியவர் உடனே மூன்றாவது ஸ்லைடுக்குத் திரும்பி, மீதித் தாமதம் எந்தக் கட்டத்தில் தேங்குகிறது என்று காட்டினார், பேச்சு அங்கிருந்து ஆள் சேர்ப்பது பற்றிப் போனது.