பட்டியலில் மச்சான் இல்லை

"தம்பி, நீங்க காட்டுற பட்டியல்ல மச்சான் இருக்காரா? இருந்தா போட்டுடலாம்."

நூற்பாலையின் நிதிப் பொறுப்பில் இருந்த பெரியவர் இப்படித்தான் கேட்டார். நான் அப்போது ஆடிட் குழுவின் மேலாளர். 2018-19ஆம் ஆண்டுக் கணக்கின் நோட்ஸைக் கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். நிறுவனத்தை நடத்துபவர்கள், அவர்களின் உறவினர்களுடனான கொடுக்கல் வாங்கலைக் காட்டும் ரிலேட்டட் பார்ட்டி நோட்டில் எம்.டி.யின் சம்பளம், அவர் தம்பிக்குக் கொடுக்கும் குடோன் வாடகை என்று நான்கு வரிகள் இருந்தன. ஆலையின் மிகப் பெரிய வாடிக்கையாளரான திருப்பூர் பின்னலாடை நிறுவனம் அதில் இல்லை. அது எம்.டி.யின் மனைவியுடைய அண்ணனுக்குச் சொந்தமானது.

அவர் கேட்டதற்கு நேரான பதில் 'இல்லை' என்பதுதான். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 2(77)இல் உறவினர் என்று வருபவர்கள் கணவன், மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரர், சகோதரி, கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள். மனைவியின் அண்ணன் வருவதில்லை. கணக்குத் தரநிலையான இன்ட் ஏஎஸ் 24இலும் பிள்ளைகள், வாழ்க்கைத் துணை, சகோதரர், சகோதரி, தாய், தந்தை என்று ஒரு வரிசை உண்டு. அதிலும் அவர் இல்லை.

"பட்டியல்ல இல்ல சார். ஆனா அந்தப் பட்டியல் உதாரணத்துக்குத்தான்" என்றேன். நிறுவனத்துடனான கொடுக்கல் வாங்கலில் ஒருவர்மீது செல்வாக்குச் செலுத்தக்கூடிய, அல்லது அவருடைய செல்வாக்குக்கு உட்படக்கூடிய குடும்பத்தார் அனைவரும் நெருங்கிய உறவு என்பதுதான் தரநிலையின் அடிப்படை. மேலே சொன்ன வரிசை அந்த வாக்கியத்துக்குள் அடங்குவது. அதாவது வரிசையில் இருப்பவர்கள் கட்டாயம், இல்லாதவர்களைப் பற்றி நடப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே தொழிலில் எவ்வளவு நெருக்கம் இருக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரும் அதை மறுக்கவில்லை. "அது ஊருக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, புக்குல வேற எழுதணுமா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை. ஊருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பங்கை மும்பையில் உட்கார்ந்து வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? ஆலை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். வெளியாட்களுக்கு அதைப் பற்றித் தெரிவதெல்லாம் அந்த ஆண்டறிக்கை வழியாகத்தான்.

எண்களைப் பாருங்கள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சற்று மாற்றியிருக்கிறேன், கதையின் வடிவம் மாறவில்லை. மொத்த விற்பனை 320 கோடி ரூபாய், வரிக்கு முந்தைய லாபம் 9 கோடி. மச்சான் நிறுவனத்துக்கு விற்ற நூல் 48 கோடி. மார்ச் 31 அன்று அவர் தர வேண்டிய பாக்கி 21 கோடி. ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ ஐந்து மாத விற்பனை. மற்ற வாடிக்கையாளர்கள் 45 நாளில் பணம் கட்டிவிடுவார்கள்.

விலையிலும் வித்தியாசம் இருந்தது. அதே 30ஆம் நம்பர் கோம்டு ஓசியரி நூலை அதே வாரத்தில் வேறு இருவருக்குப் போட்ட பில்களோடு வைத்துப் பார்த்தேன். இவருக்குக் கிலோவுக்கு 6 ரூபாய் குறைவு. அதைக் காட்டியதும் பெரியவர் சொன்ன பதில் நியாயமானது: "மொத்தமா எடுக்கறவருக்கு விலை குறைக்கறது வழக்கம்தானுங்க." வழக்கம்தான். மச்சானுக்கு அடுத்தபடியாக அதிகம் எடுத்தவருக்கு 2 ரூபாய் குறைத்திருந்தார்கள். ஆக, மீதி 4 ரூபாயில் எவ்வளவு வியாபாரம், எவ்வளவு உறவு என்பதை என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவராலும் முடியாது.

அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு அவர் ஒரு சமரசம் சொன்னார். மச்சான் நிறுவனத்தை நோட்டில் சேர்த்துவிடலாம், ஆனால் கீழே ஒரு வரி வேண்டும்: 'இந்தப் பரிவர்த்தனைகள் யாவும் சந்தை விலையில், வெளியாருடன் செய்வதைப் போன்ற நிபந்தனைகளில் நடந்தவை.' பல ஆண்டறிக்கைகளில் பழக்கதோஷமாக வந்து உட்காரும் வரி இது. ஆனால் இன்ட் ஏஎஸ் 24இன் 23ஆவது பத்தி, இப்படிச் சொல்ல வேண்டுமானால் நிரூபிக்கும் சான்று கையில் இருக்க வேண்டும் என்கிறது. கையில் இருந்த பில்களோ எதிர்த் திசையில் பேசின. பின்னால் மோசடியில் சரிந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2000ஆம் ஆண்டறிக்கையில், தன் மூத்த அதிகாரி ஒருவர் நடத்திய கூட்டு நிறுவனங்களுடனான பேரங்களைக் குறிப்பு 16இல் எழுதிவிட்டு, அவை வெளியாரோடு பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிபந்தனைகளோடு ஒப்பிட நியாயமானவையே என்றும் சேர்த்திருந்தது. உறவு அறிக்கையிலேயே இருந்தது. அதைப் படிப்பவரின் சந்தேகத்தை அந்த ஒற்றை வரி ஆற்றிவிட்டது. அதனால் அந்த வரி இல்லாமல்தான் நோட் போகும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் பார்ட்னரும் என் பக்கம் நின்றார். தொகை, பாக்கி, பாக்கிக்கு ஈடு எதுவும் இல்லை என்பது, கடன் தவணை ஆகிய நான்கும் நோட்டில் ஏறின.

நியாயமாகப் பார்த்தால் அங்கே என் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு அடுத்த நோட்டில்தான் உறக்கம் போனது.

ஆலைக்குச் சொந்தமாகக் காற்றாலைகள் உண்டு. அவற்றின் மின்சாரம் முழுவதும் ஆலைக்கே, ஈ.பி. பில்லில் யூனிட் யூனிட்டாகக் கழித்துக்கொள்வார்கள். அதனால் 'நாங்கள் நூல் நூற்பது ஒன்றே தொழில், ஒரே செக்மென்ட்' என்று எழுதி வைத்திருந்தார்கள். செக்மென்ட் என்றால் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டிய தொழில் பிரிவு. அதற்கான தரநிலையான இன்ட் ஏஎஸ் 108 வேறு இடத்தில் தொடங்குகிறது. முடிவெடுக்கும் தலைவர் மாதாமாதம் எதைத் தனித்தனியாகப் பார்க்கிறாரோ அதுவே செக்மென்ட். வெளியே ஒரு யூனிட்கூட விற்காமல் உள்ளுக்குள்ளேயே விற்றாலும் செக்மென்ட்தான். எம்.டி.யின் மேசைக்குப் போகும் மாத அறிக்கையில் ஸ்பின்னிங் ஒரு பக்கம், விண்ட்மில் ஒரு பக்கம் என்று லாப நட்டத்தோடு இருந்தது. வட்டியைக்கூடப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் காற்றாலையின் 3 கோடி யூனிட்டை, மின் வாரியத்துக்குக் கட்டியிருக்க வேண்டிய 6.35 ரூபாயில் மதிப்பிட்டு 19 கோடி வருமானம் காட்டியிருந்தார்கள். செலவெல்லாம் போக லாபம் 11 கோடி. மொத்த லாபமே 9 கோடி என்றால் ஸ்பின்னிங்கின் கணக்கு என்ன? 2 கோடி நட்டம்.

வருமானத்தை வைத்துப் பார்த்தால் காற்றாலை 10 சதவீதத்தைத் தொடாது, 339இல் 19தான். பெரியவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் வருமானம், லாபம் அல்லது நட்டம், சொத்து என்ற மூன்றில் ஏதாவது ஒன்று 10 சதவீதத்தைத் தாண்டினாலே தனியாகக் காட்ட வேண்டும். லாபத்தில் அது பல மடங்கு தாண்டியிருந்தது. இதில் வாதத்துக்கு இடமில்லை, இரண்டு செக்மென்ட்டாகவே அச்சானது. உள் மின்சாரத்துக்கு எந்த விலை போட்டோம் என்பதையும் எழுதினோம். அந்த 6.35ஐ மாற்றினால் லாபம் ஒரு செக்மென்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் என்பதால், அது தெரியாமல் இந்த நோட்டைப் படித்துப் பயனில்லை.

இப்போது இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 45 நாள் தவணைக்குக் கணக்குப் பார்த்தால் மச்சானிடம் 6 கோடி நிற்கலாம். நிற்பது 21. மீதி 15 கோடிக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தாலே ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி. கிலோ 220 ரூபாய் என்றால் அவர் எடுத்தது ஏறக்குறைய 22 லட்சம் கிலோ. கிலோவுக்கு அந்த 4 ரூபாய் என்றால் இன்னொரு 88 லட்சம். கூட்டினால் ஸ்பின்னிங்கின் 2 கோடி நட்டத்தைவிட அதிகம். நட்டம் நூலில் இல்லை, நூல் போன இடத்தில் இருந்தது என்று படிக்கத் தோன்றும். ஒரு நோட்டை மட்டும் படித்தால் இது தெரியாது. ஒரே செக்மென்ட்டாக இருந்திருந்தால் 9 கோடி லாபம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிலோ விலையை வெளியிடச் சொல்லி எந்தத் தரநிலையும் கேட்பதில்லை. அந்த 4 ரூபாய் எனக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. அவருக்குக் கிடைப்பது பெயர், 48, 21, தவணை, ஒரு நட்டக் கணக்கு. அதை வைத்துக் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். அது போதும் என்று சில நாள் தோன்றும். 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் தன் தலைவரின் மகன்கள் சார்ந்த மேடாஸ் நிறுவனங்களை வாங்கப்போவதாக அறிவித்தபோது முதலீட்டாளர்களிடம் வேறு ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. உறவு யாருக்கு என்பது மட்டும் தெரிந்தது. அந்த எதிர்ப்பிலேயே சில மணி நேரத்தில் அறிவிப்பு வாபஸ் ஆனது.

மறுபக்கமும் உண்டு. ஆண்டறிக்கை வந்த பிறகு வங்கி அந்தப் பாக்கியைப் பற்றிக் கேட்டது. நடைமுறை மூலதனக் கடனுக்கு 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று எழுதியது. பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கோபப்படவில்லை. "கஷ்ட காலத்துல அவர்தான் நூலை எடுத்து ஆலைய ஓட வெச்சாரு, அது எந்த நோட்டுல வரும் தம்பி?" என்றார். வராது. உறவோடு வியாபாரம் செய்வது இயல்பானது என்று தரநிலையே சொல்கிறது, வெளியிடுவது குற்றச்சாட்டு ஆகாது. இதை அவரிடம் சொன்னேன். வங்கி அதைக் குற்றச்சாட்டாகத்தான் படித்ததோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது.

இன்று என்றால் முதல் வாதம் எழுந்திருக்காது. 2022 ஏப்ரல் 1 முதல், நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் அடங்கிய ப்ரமோட்டர் குழுவில் உள்ள யாரும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி ரிலேட்டட் பார்ட்டிதான். மனைவியின் உடன்பிறந்தோர் அந்தக் குழுவுக்குள் வந்துவிடுகிறார்கள். அந்த ஓட்டை அடைபட்டது.

அடைபடாத ஓட்டை இன்னொன்று. அடுத்த ஆண்டு ஆடிட்டுக்குப் போனபோது எம்.டி.க்குப் போகும் மாத அறிக்கையைக் கேட்டேன். ஒரே பக்கமாக இருந்தது. ஸ்பின்னிங்கும் விண்ட்மில்லும் ஒன்றாகியிருந்தன. தலைவர் தனியாகப் பார்ப்பதுதான் செக்மென்ட் என்றால், அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டால்? காற்றாலைக்குத் தனி மின் கணக்கு, தனிப் பராமரிப்பு ஒப்பந்தம், தனி டேர்ம் லோன் எல்லாம் அப்படியேதான் இருந்தன. எம்.டி. நிஜமாகவே இந்த ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறாரா என்று பெரியவரிடம் கேட்டேன். "எதைப் பார்க்கணும்னு முடிவு பண்றது அவர்தானுங்களே" என்றார். அதன் பிறகு போர்டு கூட்டத்துக்குப் போன தாள்களையும், டேர்ம் லோனுக்காக வங்கிக்கு அனுப்பிய கணிப்புகளையும் கேட்டு எழுதினேன். வங்கித் தாளில் காற்றாலை தனியாகவே இருந்தது. அதைத் தயாரித்து அனுப்பியவர் எம்.டி. அல்ல, பெரியவர்.