நிகோடின் பேட்ச்: 14 மில்லிகிராம் கிடைக்காமல் போன வாரம்

சிகரெட்டை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. மூன்றாவது முயற்சியில்தான் நடந்தது. முதல் இரண்டும் எங்கே சறுக்கின என்று இப்போது யோசித்தால் எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது. ஏனென்றால் சிகரெட்டை விட நான் எடுத்த நிகோடின் கம், பேட்ச் இரண்டிலும் எந்தக் குறையும் இல்லை. நான் அவற்றைப் பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு.

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை என்னுடையது. பால் வெட்டுகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள் என்பதால் ஐந்து மணிக்கு எழுந்து, கட்டன் சாயாவும் கையுமாக முதல் சிகரெட்டைப் பற்றவைப்பேன். ஒரு நாளைக்குப் பதினெட்டு. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது இவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியாது.

முதல் முயற்சியில் மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் வாங்கினேன். எப்படி மெல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சூயிங்கம் மாதிரி சவைத்துத் தள்ளினேன். பத்து நிமிடத்தில் விக்கல், அப்புறம் நெஞ்செரிச்சல். எச்சிலோடு நிகோடினையும் விழுங்கினால் வயிறு எரியும், வேலையும் பாதிதான் நடக்கும். அது ஏற வேண்டியது கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக. மெதுவாகக் கடித்து, நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் திரும்ப இரண்டு கடி, இந்த முறை மறுபக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும்.

இன்னொன்று, கம்மை வாயில் வைத்துக்கொண்டே எலுமிச்சை பிழிந்த சர்பத் குடிப்பேன். புளிப்பு பட்டால் வாய்க்குள் நிகோடின் ஏறுவதே குறைந்துவிடும். காபி, சோடா, பழச்சாறு எதுவானாலும் கம் போடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே முடித்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் ஒரு நாளைக்கு நாலு கம் போட்டுவிட்டு "இதெல்லாம் சும்மா ஏமாத்து" என்று ஒன்பதாம் நாள் பெட்டிக்கடைக்குப் போனேன்.

இரண்டாவது முறை நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு, கம் மட்டும் என்றால் 4 மில்லிகிராம்தான், அதுவும் முதல் வாரங்களில் ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்பது போட வேண்டும் என்றார். நாலு போட்டுவிட்டுப் பேசிய எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்துக்கு மேல் புகைப்பதால் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் 21 மில்லிகிராம் ஆறு வாரம், பிறகு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம் என்று எழுதினார். பேட்ச் ஒரே சீராக உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும், திடீரென்று வரும் சிகரெட் ஆசைக்கு 2 மில்லிகிராம் கம், இரண்டும் சேர்ந்தால்தான் பலன் அதிகம் என்றார்.

சரி என்று ஒட்டினேன். குளித்து, உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, அதன் மேல் பேட்ச்! பத்து மணிக்கெல்லாம் சிகரெட் ஆளை இழுக்க ஆரம்பித்தது. கை முழுக்கத் தேடினேன், காணவில்லை. சாயங்காலம் எடை போடும்போது தராசில் கிடந்த ரப்பர் ஷீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய், பவுடர், வியர்வை எதுவும் இல்லாத, முடி இல்லாத தோலில் ஒட்டி உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்தினால்தான் நம் ஊர்ப் புழுக்கத்தைத் தாங்கும். நான் எண்ணெயைத் தலையோடு நிறுத்திக்கொண்டேன். தினமும் இடத்தையும் மாற்ற வேண்டும், ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்குள் திரும்ப ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கிறது. கழற்றிய பேட்சில் இன்னும் நிகோடின் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பிள்ளைகள் கையில் சிக்காமல் போடுங்கள்.

இரவிலும் கழற்றாமல் தூங்கியதில் கண்டபடி கனவு. படுக்கும்போது எடுத்துவிடச் சொன்னார் டாக்டரம்மா. எடுத்தால் காலை ஐந்து மணிக்கு வெறும் உடம்பு. புதிய பேட்ச் முழுசாக ஏற இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அந்த இடைவெளியில்தான் நான் பல நாள் தடுமாறினேன். அதனால் கண் விழித்ததும் பேட்ச், கூடவே ஒரு கம், கட்டன் அரை மணி கழித்து என்று ஆக்கிக்கொண்டேன்.

ஆறு வாரம் நன்றாகப் போனது. ஏழாம் வாரத்துக்கு 14 வாங்கப் போனால் இல்லை. மார்த்தாண்டம் போனேன், இல்லை. திரும்பி வந்து எங்கள் ஊர் மருந்துக் கடையிலேயே மறுபடி கேட்டேன். "நாளைக்கு வரும் அண்ணே. ஆறு வாரம் ஆச்சே, ஒட்டாமலே சமாளிச்சுரலாம்" என்றான் பையன். எனக்கும் அதைக் கேட்கப் பிடித்திருந்தது. நாலாம் நாள் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து மச்சான் நீட்டினான், வாங்கிவிட்டேன்.

அந்த ஒரு சிகரெட்டைக்கூடத் தாண்டியிருக்கலாம். மறுநாள் 14 வந்துவிட்டது, பையில் இருந்தது. ஆனால் "பேட்ச் ஒட்டிக்கிட்டு சிகரெட் இழுத்தா அட்டாக் வந்துரும்" என்று யாரோ சொன்னதை நம்பி, இனி ஒட்டக்கூடாது என்று எடுத்து வைத்துவிட்டேன். ஒரே வாரத்தில் பதினைந்துக்குத் திரும்பினேன்.

டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. "ஒரு சிகரெட் இழுத்துட்டா பேட்சைக் கழற்றக்கூடாது. அப்படியே ஒட்டியிருக்கட்டும், அடுத்த சிகரெட்டைத்தான் நிறுத்தணும். நீங்க அப்படியே தலைகீழா பண்ணியிருக்கீங்க" என்றார். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் போன்றவர்கள் கண்டிப்பாக டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டுமாம்.

மூன்றாவது முறை 21-இலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை 14-ம் 7-ம் முதல் நாளே வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். நடுவில் கை நடுக்கமும் படபடப்பும் வந்தது, பேட்ச் அதிகமாகிவிட்டதோ என்று பயந்தேன். காரணம் காபி. சிகரெட் புகை கஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றுமாம். புகையை நிறுத்தியதும் அதே நாலு காபி இரண்டு மடங்கு குடித்த மாதிரி ஏறுகிறது. இரண்டாகக் குறைத்தேன், நின்றுவிட்டது. இதைத் தெரியாமல் பேட்சைப் பழி சொல்லிக் கழற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் உண்டு.

பத்து வாரமும் முடித்தேன். சட்டைப்பையில் இப்போதும் இரண்டு கம் இருக்கும், கல்யாண வீட்டுக்கு மட்டும். போன வாரம் அதே மருந்துக் கடையில் சும்மா, 14 இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நாளைக்கு வரும் அண்ணே" என்றான்.