கேஸ் அலாரம் என் வீட்டில் ஒழுங்காக வேலை செய்ய ஐந்து மாதம் ஆனது

முதலில் வாங்கிப் போட்டது MQ-2 என்ற கேஸ் சென்சார். அம்மா கடுகும் வரமிளகாயும் தாளித்தாலே அது கத்தும், ஏனென்றால் புகை, ஆல்கஹால் எல்லாவற்றுக்கும் அது எகிறும். அதைக் கழற்றிவிட்டு MQ-6 போட்டேன். சமையல் கேஸைத்தான் இது அதிகமாகக் கவனிக்கும், புகையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது.

இந்த சென்சாருக்குள் ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது, ஓடும்போது தொட்டுப் பார்த்தால் கதகதப்பாக இருக்கும். அது நன்றாகச் சூடாகும்வரை வரும் எண்ணை நம்பக் கூடாது. புதுசு என்றால் இரண்டு நாள் விடாமல் ஓட விட்ட பிறகுதான் அளவு நிலைக்கும். எனக்கு இது தெரியாமல், பெட்டியிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்திலேயே அலாரம் அளவை வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் விடிகாலையில் கரண்ட் போய் வந்தது, ஹீட்டர் ஆறியிருந்ததால் சென்சாரைப் படிக்கும் அர்டுயினோ என்ற குட்டி கணினிப் பலகையில் எண் 600 வரை ஏறி மெல்ல இறங்கியது, அதற்குள் வீடே எழுந்துவிட்டது. இப்போது கரண்ட் வந்ததும் 3 நிமிடம் மஞ்சள் விளக்கு மட்டும் மின்னும், சத்தம் வராது. அந்த 3 நிமிடம் காவல் இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அளவு நகர்வதுதான். ஜூலையில் சுத்தமான காற்றில் 110 காட்டியது, நவம்பர் மழையில் அதே இடத்தில் 170. ஈரப்பதம் கூடினால் எண் ஏறும், சென்சார் பழசானாலும் மாறும். சரி, அடிப்படை அளவை அதுவே திருத்திக்கொள்ளட்டும் என்று நிரல் எழுதினேன். பிறகுதான் உறைத்தது: ரப்பர் குழாயில் மெல்லக் கசிந்தால் அதையும் இது "சுத்தமான காற்று" என்று பழகிக்கொள்ளும்! அதனால் இரவு 3 மணி அளவை மட்டும், ஒரு நாளைக்கு 2 எண்ணுக்கு மேல் நகராதபடி எடுக்கச் சொன்னேன். 200-ஐத் தாண்டினால் திருத்தாமல் மஞ்சள் விளக்கை விடாமல் எரிய வைக்கும். எண் 40-க்குக் கீழே போனாலும் அப்படித்தான், அது வயர் கழன்றதாகவோ ஹீட்டர் போனதாகவோ இருக்கும்.

இடம் மாற்றியதும் பெரிய வித்தியாசம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் படியும், அதனால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், அடுப்புக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுத் தள்ளி வைத்தேன். (குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால் மேலே ஏறும், கூரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.) எண் அடிப்படை அளவைப் போல இரண்டரை மடங்காக, தொடர்ந்து 10 நொடி இருந்தால்தான் கத்தும். சானிடைசர் வாடை அதற்குள் கலைந்துவிடுகிறது.

மாதம் ஒருமுறை அடுப்பு, விளக்கு எல்லாம் அணைத்துவிட்டு, சிகரெட் லைட்டரைப் பற்ற வைக்காமல் அதன் கேஸை மட்டும் சென்சார் பக்கத்தில் விடுகிறேன். போன வாரம் 13 நொடியில் கத்தியது.