ரிலீவர் வரும் வரை

அடுத்த ஷிஃப்டை ஏற்க வேண்டிய ரிலீவர் வந்து லாக் புக்கில் கையெழுத்துப் போடும் வரை கண்ட்ரோல் ரூமை விட்டு நகரக் கூடாது. அவர் தாமதமானால் முந்தைய ஷிஃப்ட்காரர்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில், தாமதம் என்றால் முதலில் போன் வரும். "தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு மணி நேரம் பார்த்துக்கறியா?" பார்த்துக்கொள்வேன். அடுத்த மாதம் நான் கேட்கும்போது அவர் காரணம்கூட விசாரிக்க மாட்டார். யாரும் கணக்கு எழுதவில்லை, யாரும் மறக்கவும் இல்லை.

அதில் அநியாயமும் இருந்தது. புதிதாக வந்தவர், கல்யாணம் ஆகாதவர், மறுத்துப் பேசத் தெரியாதவர் தலையில்தான் பெரும்பாலும் விழும். அப்படி ஒருவர் புகார் கொடுத்தார். அவர் கேட்டது நியாயம்தான். நிர்வாகம் விதி போட்டது: 15 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால், அந்த நேரத்துச் சம்பளம் காத்திருந்தவருக்குப் போகும்.

தாமதம் கூடியது. போன் நின்றது. 40 நிமிடம் கழித்து வந்த ஒருவர், "அதான் காசு வருதே அண்ணே" என்று பேனாவை எடுத்தார். விதிப்படி எங்களுக்குள் பாக்கி எதுவும் இல்லை. எனக்கு வலித்ததும் அதுதான்.

இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். கினீஸி, ருஸ்டிகினி என்ற இருவர் 2000-இல் வெளியிட்டது. பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் விதித்தார்கள். அங்கே தாமதமாக வருபவர்கள் குறையவில்லை, அதிகமானார்கள். ஆசிரியையிடம் பட்ட கூச்சம் போய், அது காசு கொடுத்து வாங்கும் நேரமாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

ஜெர்மானியச் சமூகவியலாளர் ஃபெர்டினாண்ட் டோனிஸ் 1887-லேயே இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். உறவுக்காகவே சேர்ந்திருப்பது ஒரு வகை, ஒரு பயனைக் கணக்கிட்டுச் சேர்வது இன்னொரு வகை. முதல் வகையில் எவ்வளவு பிரிவுகள் இருந்தாலும் மனிதர்கள் சேர்ந்தே இருக்கிறார்கள். இரண்டாவதில் எவ்வளவு சேர்ந்தாலும் பிரிந்தே இருக்கிறார்கள் என்றார். எங்கள் அறையில் ஒரே நாற்காலி இரண்டுக்கும் இடம் கொடுத்தது.

நாங்கள் இழந்தது நேரத்தை மட்டுமல்ல. முன்பெல்லாம் ஷிஃப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் நின்று பேசுவோம். "இரண்டாம் பம்ப் சத்தம் மாறுது, காது வைச்சுப் பாரு" என்பது போன்ற விஷயங்கள் அப்போதுதான் கைமாறும். லாக் புக்கில் அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம் எழுதத்தான் கட்டம் உண்டு, சத்தத்துக்குக் கிடையாது. ஒரு இரவு அதே பம்ப்பின் பேரிங் இறுகி நின்றது. முந்தைய ஷிஃப்ட்காரருக்கு மாலையிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்றேன். "எல்லாக் கட்டமும் நிரப்பிட்டேனே அண்ணே" என்றார். நிரப்பித்தான் இருந்தார்.

அப்புறம் நிர்வாகம் அந்த விதியை எடுத்துவிட்டது. போன் மட்டும் இன்னும் வருவதில்லை. நான் 10 நிமிடம் முன்னதாகப் போய், கையெழுத்துப் போடும் முன் "இன்னிக்கு எது சரியில்லாத மாதிரி இருந்துச்சு?" என்று கேட்கிறேன். சிலர் பையைத் தோளில் மாட்டியபடியே நின்று யோசிக்கிறார்கள்.