செத்த ரீவியும் கடித்த பற்றரியும்

திருகோணமலையில் ஒரு பழைய ரீவி செத்தால் உடனே வீட்டை விட்டுப் போய்விடாது. முதலில் அதன் மேல் பூப்போட்ட துணி ஒன்று விரிக்கப்படும். பிறகு கரண்ட் பில், சாமிப்படம், எப்போதோ முடிந்த கல்யாணத்தின் காட் எல்லாம் ஒவ்வொன்றாக ஏறும். சுவரில் புதிய தட்டை ரீவி தொங்க, அதன் கீழே பழையது மேசை உத்தியோகம் பார்க்கும்.

உவர்மலையில் ஒரு வீட்டிலும் இதே நிலைமைதான். 21 அங்குல, பின்பக்கம் பிதுங்கிய பிக்சர் ரியூப் ரீவி. அது செத்ததற்குக் கடற்காற்றுக்கும் பங்குண்டு. இந்த ஊரில் உப்பும் ஈரமும் தூசியும் சேர்ந்து ரியூப்பின் முதுகில் படையாக ஒட்டும். அங்கேதான் தடித்த சிவப்பு வயர் ஒன்று ரப்பர் மூடியோடு குத்தியிருக்கும். படை ஏறினால் உயர் மின்னழுத்தம் அதன் வழியே கசியும். முதலில் "ஸ்ஸ்" என்று சத்தம், பிறகு "டிக் டிக்", பிறகு ஒரு மாதிரிக் காரமான வாசம், கடைசியில் இருட்டு. இவ்வளவும் நடந்த பிறகும் அம்மம்மா "அது கொஞ்சம் ரெஸ்ற் எடுத்தால் வேலை செய்யும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தைப்பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவாக்கியபோது ரீவியை அனுப்புவது என்று முடிவானது. அங்கேதான் கூத்துத் தொடங்கியது. பேரனுக்கு அதைக் கழற்றிப் பார்க்க ஆசை. மருமகன் வீதி முனையில் வைத்தால் குப்பை வண்டி எடுத்துவிடும் என்றார். வாசலில் பழைய இரும்பு வாங்குகிறவர் ஏற்கனவே வந்து நின்றார். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பிழைதான்.

முதலில் பேரனின் விசயம். ரீவி ஓடும்போது வண்ண ரியூப்பில் 20,000 வோல்ற்றுக்கு மேல் அழுத்தம் இருக்கும். கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு இருப்பதால் ரியூப்பே ஒரு பெரிய மின்தேக்கியாக மாறி, பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு தடவை வெளியேற்றினாலும் சிறிது நேரத்தில் கொஞ்சம் திரும்ப ஊறி வரும். "நான் நேற்றே கழற்றினேன், இப்போ ஒன்றும் இருக்காது" என்கிறவர்களைத்தான் அது நன்றாகக் கவனிக்கும். ரியூப்பின் அடி பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆனால் கை உதறுகிற உதறலில் ரியூப்பின் கழுத்தில் இடிபட்டால் கண்ணாடி உடையும். அதைவிடக் கெட்டது மின்சுற்றுப் பலகையில் இருக்கிற பெரிய மின்தேக்கி. நம்முடைய 230 வோல்ற் மின்சாரம் அங்கே நேரோட்டமாகி 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். பின்மூடியின் ஆணிகளைத் தொடாமல் விடுவதுதான் முழுப் பாதுகாப்பு. பேரனுக்கு ஸ்குரூ டிரைவருக்குப் பதிலாகத் துடைக்கிற துணி கொடுக்கப்பட்டது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

இரும்பு வாங்குகிறவர் நல்ல மனிதர், பேச்சும் இனிமை. "அம்மா, உதைக் குடுங்கோ, பாரமும் குறையும், வீடும் வெளிக்கும்" என்றார். அவருக்கு வேண்டியது என்ன என்பது மட்டும் தெரிந்திருக்கவேண்டும். ரியூப்பின் கழுத்தைச் சுற்றி ஒரு செம்புச் சுருள் இருக்கும். முன்கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி இன்னொரு கம்பிச் சுருள் ஓடும். பலகையில் கொஞ்சம் அலுமினியத் தகடும் செம்பும் கிடைக்கும். எல்லாம் சேர்த்தாலும் மொத்தப் பாரத்தில் சிறு பங்குதான். ரீவியின் பாரத்தில் பாதிக்கு மேல் கண்ணாடி, அதற்கு விலையே இல்லை. ஆகவே கழுத்தில் ஒரு தட்டு, "புஸ்" என்று காற்று உள்ளே போகும், சுருள் கையோடு வரும், மிச்சம் எங்காவது ஒரு வெறும்வளவில் இறங்கும். வயரின் பிளாஸ்ரிக்கை எரித்துச் செம்பெடுத்தால் எழுகிற புகை தனிக்கதை.

அந்த மிச்சத்தில்தான் பிரச்சினை எல்லாம். ரியூப்பின் முன்கண்ணாடியில் ஈயம் குறைவு. ஆனால் பின்னால் புனல் மாதிரி ஒடுங்குகிற பகுதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஒட்சைட்டு. கழுத்திலும் இரண்டு கண்ணாடிகளையும் ஒட்டுகிற பசைக்கண்ணாடியிலும் இன்னும் அதிகம். எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்கவே அதைப் போட்டார்கள். முழு ரியூப்பாக இருக்கிற வரைக்கும் ஈயம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருக்கும். நொறுங்கி, அழுகிய குப்பையின் புளிப்புத் தண்ணீரில் ஊறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊரில் இதைச் சாதாரணமாக விடமுடியாது. வீதி முனையில் வைக்கலாம் என்ற மருமகனின் திட்டமும் இதனால்தான் தோற்றது. வீதியில் திரிகிற ஊர் மான்கள் ஏற்கனவே பொலித்தீன் தின்று படுகிற பாடு போதும், ரீவிப் பெட்டியின் தெர்மோகோலையும் அவற்றுக்குப் பரிமாறவேண்டாம்.

சரியான வழி கொஞ்சம் நடை கேட்கும். பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேட்டால், மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதி கொடுத்த மின்கழிவுச் சேகரிப்பாளர் யார், அவர் எப்போது எடுப்பார் என்று அறியலாம். புதிய ரீவி வாங்கும் கடையிலும் பழையதை எடுப்பார்களா என்று கேளுங்கள். எடுப்பதாகச் சொன்னால் அது பிறகு எங்கே போகும் என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். பதிலாகச் சிரிப்பு மட்டும் வந்தால் விளங்கிக்கொள்ளலாம். உண்மையான சேகரிப்பாளர் ரீவியை மூடியோடு முழுதாக எடுப்பார், அனுமதி இலக்கம் சொல்லுவார், பற்றுச்சீட்டுத் தருவார்.

ஒரே ஒரு ரீவிக்காக லொறி வராது என்பதையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஈயக் கண்ணாடியை நாடு கடத்தி மீள்சுழற்சிக்கு அனுப்புவதென்றால், ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்துகிற பாசல் உடன்படிக்கையின்படி வாங்கும் நாட்டின் முன்சம்மதம் வேண்டும். இலங்கை 1992 முதல் அதில் உறுப்பு நாடு. 2025 ஜனவரி தொடக்கம் ஆபத்தில்லாத மின்கழிவுக்கும் அந்தச் சம்மதம் தேவை. அதனால் சேகரிப்பவர் சரக்குச் சேரும் வரை காத்திருப்பார். உவர்மலை வீட்டுக்காரர் அயல் வீடுகளைக் கேட்டபோது துணி போர்த்திய ரீவிகள் வரிசையாக வெளியே வந்தன. சில வீடுகளில் அதன் மேலிருந்த சாமிப்படத்துக்குப் புதிய இடம் தேடியதுதான் பெரிய வேலை.

தூக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. 21 அங்குலம் 20 கிலோவைத் தாண்டும், அந்தப் பாரம் முழுக்க முன்பக்கம். பின்பக்கம் பெரிதாகத் தெரிவதால் ஆட்கள் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்குவார்கள், ரீவி முன்னுக்குக் கவிழும். கண்ணாடி உங்கள் நெஞ்சைப் பார்க்கவேண்டும், கைகள் அடியில் போகவேண்டும், இரண்டு பேர் வேண்டும், கால்களில் செருப்பல்ல சப்பாத்து வேண்டும். வயரைச் சுற்றி ரேப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதை மிதிப்பவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். ஓட்டோவில் பின் சீற்றில் கண்ணாடி சாய்மனையோடு ஒட்டியிருக்க வைத்து, இடைவெளியில் தலையணை செருகி, கயிறு போடுங்கள். பின்பக்கத்தைச் சாய்மனையில் முட்டக்கொடுத்தால் குலுக்கலில் இடிபடுவது கழுத்துப் பக்கம்.

ஒருவேளை ரியூப் உடைந்துவிட்டால் விளக்குமாறு எடுக்காதீர்கள். உள்பக்கத்து வெள்ளைத் தூள் காற்றில் எழும்பும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னலைத் திறந்து, தடித்த கையுறை போட்டு, துண்டுகளை ஒரு பெட்டியில் சேருங்கள். தூளை ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்து இரட்டைப் பையில் கட்டி, மேலே "ரீவிக் கண்ணாடி" என்று எழுதி அதையும் சேகரிப்பவரிடமே கொடுக்கவேண்டும்.

இனி ரிமோட். ரீவி மாதக்கணக்காகச் செத்துக் கிடந்தும் ரிமோட்டுக்குள் இரண்டு பற்றரிகளும் கிடந்தன. ஒன்றில் பல் அடையாளம். இது நம் எல்லோருடைய வீட்டு வைத்தியம்: ரிமோட் வேலை செய்யாவிட்டால் தொடையில் ஒரு அடி, பிறகு பற்றரியை உருட்டல், பிறகு வெயில், கடைசியில் கடி. வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உருட்டினால் முனையில் படிந்த துருப்படை உரசுப்படும். வெயில் சூட்டில் இரசாயனம் சற்று வேகமெடுக்கும். மலிவான நாக-கார்பன் பற்றரியைக் கடித்தால் உள்ளே கருந்தூள் நெருங்கி இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். ஆனால் அந்தப் பற்றரியில் நாகக் கூடே எரிபொருள். பாவிக்கப் பாவிக்கக் கூடு மெலியும், மெலிந்த கூட்டில் பல் பட்டால் ஒழுகும். அல்கலைன் பற்றரியில் ஒழுகுவது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அதற்கு உங்கள் நாக்கின் மேல் எந்த மரியாதையும் கிடையாது.

ஆகவே பற்றரியை முதலில் கழற்றுங்கள். அல்கலைன் ஒழுகி வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தால், கையுறை போட்டு, பழைய பல்தூரிகையில் ஒரு துளி வினாகிரியோ தேசிப்புளியோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். நாக-கார்பனுக்குப் புளி உதவாது, அதன் ஒழுக்கே புளிப்பு. அதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீர். கழற்றியவற்றைக் காய்ந்த பிளாஸ்ரிக் போத்தலில் போடுங்கள், சில்லறைக் காசோடு வேண்டாம். புதுவகை ரிமோட்டில் வருகிற தட்டை லிதியம் வில்லையின் இரண்டு முகத்திலும் ரேப் ஒட்டுங்கள். ஒன்றோடொன்று தொட்டால் சூடேறும், பிள்ளை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரி. அடுப்பில் எதையும் போடாதீர்கள், வெடிக்கும். போத்தல் ரீவியோடு அதே சேகரிப்பாளருக்குப் போகலாம், ஆனால் தனியாக. ரீவிக்குள்ளோ ரிமோட்டுக்குள்ளோ ஒளித்து அனுப்பினால் பிரிப்பவரின் கையில் ஒழுகும்.

எல்லாம் ஓட்டோவில் ஏறிய பிறகு அம்மம்மா ரிமோட்டைத் தரமாட்டேன் என்றார். "இது நல்லா இருக்கு." பேரன் புதுப் பற்றரி போட்டு, போனின் செல்ஃபி கமராவுக்கு முன்னால் பிடித்துப் பொத்தானை அழுத்தினான். முனையில் ஊதா நிறத்தில் மினுங்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கமராவுக்குத் தெரியும், மினுங்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பின்பக்கக் கமராவில் வடிகட்டி இருப்பதால் சில போன்களில் ஒன்றும் தெரியாது. இப்படி ரிமோட் சித்தியடைந்துவிட்டதால் அது வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மம்மா அதைப் புதிய ரீவியை நோக்கி நீட்டி ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "புது ரீவி சரியில்லை" என்று தீர்ப்பாகிவிட்டது.