ஓசி பாஸ் கணக்கு: போன வருஷம் பட்டதும் இந்த வருஷம் செஞ்சதும்

எங்க ஊர்ல ஒருநாள் கருத்தரங்கு நடத்துறோம், ஹால்ல 600 சீட், டிக்கெட் 500 ரூபா. போன வருஷம் ஸ்பான்சர், பேச்சாளர், சிறப்பு விருந்தினர் எல்லாருக்கும் சேர்த்து 100% தள்ளுபடி கூப்பன் ஒண்ணே ஒண்ணு போட்டு அனுப்பிட்டேன், இத்தனை தடவைதான் செல்லும்னு லிமிட் போடவே இல்ல. ஒரு ஸ்பான்சர் ஆபீஸ்ல யாரோ அதை வாட்ஸப் குரூப்ல போட்டுட்டாங்க. டிக்கெட் பக்கம் 600-ம் வித்துடுச்சுன்னு காட்டுது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். பொருளாளர் அண்ணன்தான், "தம்பி, 3 லட்சம் வரணும், 2,26,000 தானே இருக்கு?"ன்னு கேட்டாரு. 148 பேர் கூப்பன்ல வந்திருக்காங்க, அதுல யாரு ஸ்பான்சர் ஆளு, யாரு சும்மா வந்தவங்கன்னு பிரிக்கவே முடியல. நிகழ்ச்சி அன்னைக்கு முன் வரிசை காலி, வெளிய காசு குடுக்க ரெடியா இருந்தவங்களை ஃபுல்லுன்னு திருப்பி அனுப்பினோம்.

இந்த வருஷம் விற்பனையைத் திறக்கிறதுக்கு முன்னாடியே 110 சீட்டைத் தனியா எடுத்து வச்சிட்டு 490 மட்டும்தான் விற்பனைக்கு விட்டோம். மெயின் ஸ்பான்சருக்கு 20, மத்த அஞ்சு பேருக்கு ஆளுக்கு 8, இதை ஒப்பந்தக் கடிதத்துலயே எழுதியாச்சு. 12 பேச்சாளருக்கு ஆளுக்கு ரெண்டு. சிறப்பு விருந்தினர் மூணு பேருக்கு ஆளுக்கு நாலு, ஏன்னா அவங்க பி.ஏ., டிரைவர், வீட்டு ஆளுங்கன்னு கூட வருவாங்க, அதை மறந்தா கேட்ல சண்டைதான். மீதி 14 கடைசி நேரத்துக்கு, அதைக் கொடுக்குற அதிகாரம் செயலாளர்கிட்ட மட்டும், இல்லனா கமிட்டில ஆளுக்கு நாலு பேருக்கு சொல்லிடுவாங்க.

கூப்பனே கிடையாது. பேரும் போன் நம்பரும் வந்தா நாங்களே பாஸ் போட்டு அனுப்புவோம், பொது விற்பனைப் பக்கத்துல தெரியாத தனி டிக்கெட் வகையில. நம்பர் ஸ்பான்சருக்கு SP-01, பேச்சாளருக்கு SK-01, விருந்தினருக்கு GU-01, கடைசி நேரத்துக்கு RS-01. ஷீட்ல யாரு சொல்லி கொடுத்தோம்ங்கிறதுக்கு ஒரு கட்டம், வந்தாங்களாங்கிறதுக்கு ஒரு கட்டம்.

மூணு நாள் முன்னாடி சாயங்காலத்துக்குள்ள பேர் வரலைன்னா சீட் விற்பனைக்குப் போயிடும்னு முதல்லயே சொல்லிட்டோம். ஸ்பான்சர்கள்கிட்ட இருந்து 60-ல 47 பேர்தான் வந்துது, மிச்சம் 13-ஐ வித்துட்டோம். ஒருத்தர் மட்டும் மறுநாள் போன் போட்டு கத்தினாரு, செயலாளர் தன்னோட 14-ல இருந்து ரெண்டு கொடுத்து சமாதானப்படுத்தினாரு.

கேட்ல எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணோம், விருந்தினரை மட்டும் நிறுத்த முடியாது, கூட்டிட்டு வந்த தன்னார்வலரே ஷீட்ல டிக் போட்டாங்க. மொத்தம் கொடுத்தது 94, வந்தது 66 தான். ஓசி பாஸ்னா இப்படித்தான், அடுத்த தடவை சாப்பாடு சொல்றப்ப இதைப் பார்த்துதான் சொல்லணும். காசு டிக்கெட் 503, 2,51,500 ரூபா, கேட்வே கமிஷன் போக பேங்க்ல வந்ததோட அப்படியே ஒத்துப்போச்சு. அண்ணன் இந்த தடவை போன் பண்ணவே இல்ல.