சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியில் இருந்தால்

கம்பெனியின் பங்குத் திட்டத்தைக் கவனிக்கும் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். சம்பளத்தோடு கம்பெனி தருவதாகச் சொல்லும் ஆர்எஸ்யூ பங்குகள், குறித்த காலம் வேலை பார்த்ததும் வெஸ்ட் ஆகி, அதாவது ஊழியருக்கே சொந்தமாகி, அவர் கணக்கில் சேருவதை அங்கிருந்து பார்க்கலாம். பெரும்பாலானோர் அவற்றைத் தொடுவதே இல்லை. பங்கை நம்பி வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. விற்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும், வைத்திருக்க எதுவுமே செய்ய வேண்டாம், அவ்வளவுதான்.

அப்படி ஒரு மூத்த பொறியாளர் என்னிடம் வந்தார். வீட்டைக் கணக்கில் சேர்க்காமல், அவருடைய மொத்தச் சேமிப்பை 100 பாகம் என்று வைத்தால் அதில் 60 பாகம் எங்கள் கம்பெனிப் பங்காகவே இருந்தது. எண்ணிக்கையில் 1,200 பங்குகள். வரி போக வருடத்துக்கு இன்னும் 160 வந்துகொண்டிருந்தது. "உள்ளேயே இருக்கிறேன், நிலைமை கெட்டால் முதலில் எனக்குத்தானே தெரியும்?" என்றார். வெளிவராத தகவல் தெரிந்திருந்தால் சட்டப்படி விற்க முடியாது. தெரியாவிட்டால் அவரும் வெளியாள் மாதிரிதான். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் பங்கு 2000 ஆகஸ்டில் 90 டாலரைத் தொட்டது. 2001 டிசம்பரில் கம்பெனி திவால். ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்குகளில் பாதிக்கு மேல் அந்தப் பங்கே இருந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின.

புதிதாக வருவதிலிருந்து ஆரம்பித்தோம். பல நாடுகளில் வெஸ்ட் ஆகும் நாளின் விலைக்கு அப்போதே சம்பளம் போல வரி பிடித்துவிடுவார்கள். அந்த விலைதான் வாங்கிய விலையாகக் கணக்கில் ஏறும். உடனே விற்றால் லாபம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, மேற்கொண்டு வரியும் இராது. "இதே தொகை ரொக்கமாக வந்திருந்தால் இன்றைக்கு நம் பங்கை வாங்குவீர்களா?" என்று கேட்டேன். மாட்டேன் என்றார். அப்புறம் அந்த 160-ஐ வந்தவுடன் விற்பது என்று முடிவாயிற்று.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். விலை மாறவில்லை என்றே வைத்துப் பாருங்கள். புதியதை மட்டும் விற்றால், முன்பு சொன்ன 100 பாகக் கணக்கில், வருடத்துக்கு 8 பாகம் பணம் வெளியே சேரும். 3 வருடம் கழித்து மொத்தம் 124, அதில் கம்பெனிப் பங்கு இன்னும் 60. அதாவது 48 சதவீதம். விலை ஏறினால் அந்தக் குறைவும் காணாமல் போகும். ஆகவே பழைய குவியலிலும் காலாண்டுக்கு 80 பங்கு விற்கத் திட்டம் போட்டோம். 12 காலாண்டில் 960 போய் 240 மிஞ்சும். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அது மொத்தத்தில் சுமார் 10 சதவீதம். விலையை வைத்து இலக்கு போடாமல் எண்ணிக்கையை வைத்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்று ஆரம்பித்தால் விலை இறங்கிய பிறகு "பழைய விலைக்கு வரட்டும்" என்று மாறிவிடும். இரண்டிலும் விற்பனை நடக்காது.

எப்போது வந்த தொகுப்பை முதலில் விற்பது என்பதில்தான் நிறையப் பேசினோம். அன்றைய விலை 100. அவரிடம் 90-க்கு வெஸ்ட் ஆனவையும் இருந்தன, பல வருடம் முன்பு 20-க்கு வந்தவையும் இருந்தன. லாபத்துக்கு 20 சதவீத வரி என்றால் முதல் வகையில் பங்குக்கு 2 போகும், இரண்டாவதில் 16. தொகுப்பைத் தேர்ந்தெடுக்க அனுமதி இருந்தால் 90-ஐ முதலில் விற்கலாம். எல்லா நாட்டிலும் இது நடக்காது. சில இடங்களில் முதலில் வந்ததே முதலில் விற்றதாகும், சில இடங்களில் சராசரி விலைதான். அனுமதி இருக்கும் இடத்திலும், சொல்லாவிட்டால் தரகு நிறுவனம் தன் வழக்கப்படி பழையதையே எடுத்துவிடலாம். தவிர, குறைந்த காலம் வைத்திருந்ததற்கு வரி கூடுதலாக இருக்கும் நாடுகளும் உண்டு.

இதில் ஒரு சிக்கல். முதல் காலாண்டுகள் வலிக்காமல் ஓடும், கடைசியில் 20-க்கு வந்தவை மட்டும் நிற்கும். வரியைப் பார்த்துப் பாதியில் நிறுத்துபவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். காத்திருந்தால் வரி பெரும்பாலும் தள்ளித்தான் போகிறது. இன்று விற்றால் கையில் 84. விலை 80-க்கு இறங்கியபின் விற்றால் வரி 12 போக 68.

ஊழியர்கள் பங்கை விற்கக் கம்பெனி அனுமதிக்கும் நாட்கள், அதாவது விற்பனை ஜன்னல், இன்னொரு தொல்லை. காலாண்டு முடிவுகள் வந்தபின் சில வாரங்கள்தான் திறந்திருக்கும், அந்த நேரத்தில் வேலை நெருக்கும், மறந்துபோகும். அதனால் உள்தகவல் எதுவும் கையில் இல்லாத சமயத்தில், எத்தனை பங்கு, எந்த நாளில் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் விற்பனைத் திட்டத்தில் அவர் சேர்ந்தார். ஜன்னல் மூடியிருந்தாலும் அது தானாக ஓடும்; இடையில் மனம் மாறிக் கைவைப்பதும் சுலபமில்லை. அவருக்கு அதுவே வசதியாக இருந்தது. மிச்சமாகும் 240-ஐ வைத்துக்கொள்ளச் சொன்னேன். இன்னும் வெஸ்ட் ஆகாத பங்குகளும் சம்பளமும் கம்பெனியை நம்பியே இருந்ததால், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் கணக்கு.